கை துறுதுறுத்தால் நிறுத்துங்கள்: சிஐஎஸ்எஸ்பி கேள்விகளை ஆலோசகராகப் படிக்கும் முறை

சர்வர், நெட்வொர்க், ஃபயர்வால் என்று பல வருடம் கைவைத்து வேலை பார்த்தவர்கள்தான் சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழின் மாதிரித் தேர்வுகளில் அதிகம் கடுப்பாவார்கள். நான்கு விடையில் இரண்டு பார்த்தவுடனே தப்பு என்று தெரியும், மீதி இரண்டும் சரி மாதிரியே இருக்கும், நாம் தொட்டது தினமும் வேலையில் செய்கிற விஷயம்தான், ஆனால் விடைப்பக்கத்தைத் திருப்பினால் இன்னொன்று சரி என்று போட்டிருக்கும். "இதையெல்லாம் யார் நிஜத்தில் செய்கிறார்கள்" என்று புத்தகத்தை மூடிவைத்தவர்கள் நிறைய.

அந்தக் கேள்வி உங்களை வேறொரு நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கப்பட்டது. அந்த நாற்காலி எது என்பதில்தான் குழப்பம். "மேனேஜர் மாதிரி யோசி" என்று எல்லோரும் சொல்வார்கள், புதிதாகப் படிக்க வருபவர் அதை "முதலாளி மாதிரி உத்தரவு போடு" என்று எடுத்துக்கொள்வார், அல்லது "எதுவானாலும் மேலிடத்துக்குச் சொல்லிவிடு" என்று. இரண்டுமே விடையைக் கெடுக்கும். என்னைக் கேட்டால் ஆலோசகர் என்று வைத்துக்கொள்வதே சரி. நிறுவனம் எதைச் சாதிக்கப் பார்க்கிறது, அதை எது தடுக்கக்கூடும், தடுக்காமலிருக்க என்னென்ன வழி உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று முடிவெடுக்கவேண்டியவர் முன்னால் வைப்பவர் அவர். முடிவு அவருடையது இல்லை, சரிசெய்யும் வேலையும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை.

தேர்வைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உத்தியை மாற்றுகிறது. ஐஎஸ்சி2 நடத்தும் இந்தத் தேர்வில் 3 மணி நேரத்தில் 100 முதல் 150 கேள்விகள் வரும், 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதை வைத்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து மாற்ற முடியாது. "இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை. ஐசாக்கா நடத்தும் சிஐஎஸ்எம் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும், அங்கே மேலாண்மை வாடை இன்னும் தூக்கலாக அடிக்கும்.

முதல் படி: நீங்கள் யார், பொருள் யாருடையது

கேள்வியைப் படித்ததும் விடைகளுக்குத் தாவாதீர்கள். கேள்வியில் உங்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பாதுகாப்பு மேலாளர் என்றோ, ஆலோசகர் என்றோ, நிர்வாகி என்றோ இருக்கும், சில நேரம் எதுவுமே சொல்லாமல் விட்டிருப்பார்கள். சொல்லாவிட்டால் ஆலோசகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிரச்சினைக்குரிய பொருள் யாருடையது என்று பாருங்கள். இந்தப் பாடத்திட்டத்தில் இந்த விஷயம் மிகவும் கறாரானது. ஒரு தரவு எவ்வளவு முக்கியமானது, யார் பார்க்கலாம், எவ்வளவு ரிஸ்க்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமை அந்தத் தரவின் உரிமையாளருக்கு உண்டு. பெரும்பாலும் அவர் வணிகப் பிரிவின் தலைவராக இருப்பார். பேக்கப் எடுப்பது, அனுமதிகளைக் கணினியில் போட்டுவைப்பது, குறியாக்கத்தை இயக்குவது இவையெல்லாம் பராமரிப்பாளர் வேலை, அதாவது பெரும்பாலான வாசகர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பாதுகாப்புக்காரர் இந்த இருவருக்கும் நடுவில் நின்று வழி சொல்பவர். ஆகவே ஒரு விடையில் பாதுகாப்பு மேலாளரே ரிஸ்க்கை ஏற்றுக்கொள்கிறார் என்றோ, அவரே தரவை வகைப்படுத்துகிறார் என்றோ வந்தால் அதைச் சந்தேகமாகவே பாருங்கள். நிஜத்தில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். தேர்வு கேட்பது நடக்கவேண்டிய முறையை.

இரண்டாம் படி: பெரிய எழுத்தில் இருக்கும் சொல்

கேள்வியின் கடைசி வரியில் FIRST, BEST, MOST, PRIMARY, LEAST, NOT என்று ஏதாவது ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு அப்புறம் விடைகளுக்குப் போங்கள். பலரும் இதை ஒரு அலங்காரமாகவே கடந்துபோகிறார்கள், ஆனால் முழுக் கேள்வியும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

FIRST என்றால் நான்கு விடையுமே செய்யவேண்டியவையாக இருக்கலாம், எது முதலில் என்பது மட்டும்தான் கேள்வி. அங்கே "எது நல்ல காரியம்" என்று யோசித்தால் மாட்டிக்கொள்வீர்கள், "எது நடக்காமல் மற்றது நடக்க முடியாது" என்று யோசிக்கவேண்டும். BEST என்றால் வரிசை முக்கியமில்லை, மற்ற விடைகளைக் குடை மாதிரி தனக்குள் அடக்கிக்கொள்ளும் விடை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர்கள் வாடிக்கையாளர் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தால், விடைகளில் தரவுக் கசிவைத் தடுக்கும் மென்பொருள் இருக்கும், பயிற்சி வகுப்பு இருக்கும், சொந்த மின்னஞ்சல் தளங்களை முடக்குவது இருக்கும், மேலிடம் ஒப்புக்கொண்ட தரவுக் கையாளும் கொள்கையை வகுத்து அதற்கேற்பப் பயிற்சியும் தொழில்நுட்பக் கட்டுப்பாடும் கொண்டுவருவது என்று ஒன்றும் இருக்கும். கடைசி விடைக்குள் மற்ற மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒன்று, பெரிதாகத் தெரிவதெல்லாம் குடை ஆகிவிடாது. "பாதுகாப்புக் கலாச்சாரத்தை மேம்படுத்துவது" என்று ஒரு விடை இருந்தால் அது கேட்க நன்றாக இருக்கும், மற்ற மூன்றில் எதையும் உள்ளே எடுத்துக்கொள்ளாது. அது வெறும் காற்று.

மூன்றாம் படி: உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வியில் எங்காவது மனித உயிருக்கு ஆபத்து என்ற வாடை வந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் ஓரம் வையுங்கள். தீ, வெள்ளம், வாயு, பூட்டிய கதவு, மருத்துவக் கருவி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்பு, எது வந்தாலும் மனிதரைக் காப்பாற்றும் விடைதான் முதல். இதில் விதிவிலக்கு இல்லை, அதனாலேயே இது எளிய மதிப்பெண்.

எளியது என்றாலும் கொஞ்சம் மறைத்துத்தான் கேட்பார்கள். டேட்டா சென்டரிலிருந்து வெளியேறும் வழியில் மின்பூட்டுப் போட்ட கதவு இருக்கிறது, மின்சாரம் போனால் அது எப்படி இருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். உள்ளே நிறுவனத்தின் மதிப்புமிக்க தரவு முழுக்க இருக்கிறது என்று கேள்வியில் இரண்டு வரி நீட்டியிருப்பார்கள். பாதுகாப்புப் புத்தி "பூட்டியே இருக்கட்டும்" என்று சொல்லும், அதாவது ஃபெயில்-செக்யூர். உள்ளே ஆள் இருந்தால்? வெளியேறும் வழி என்று கேள்வியே சொல்லிவிட்டது, ஆகவே பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் ஃபெயில்-சேஃப்தான் விடை. இதே கேள்வியைக் கதவுக்குப் பதில் ஃபயர்வாலுக்குக் கேட்டால் விடை தலைகீழ். ஃபயர்வால் பழுதானால் எல்லாப் போக்குவரத்தையும் அடைத்துவிடுவதுதான் வழக்கமான சரியான நிலை, ஏனென்றால் அதன் பின்னால் மூச்சுத் திணறப்போகிறவர் யாரும் இல்லை. தீயணைப்பு வாயுக் கேள்விகளும் இதே ரகம்தான். கார்பன் டை ஆக்சைடு தீயை நன்றாக அணைக்கும், ஆனால் அணைக்கத் தேவையான அளவில் அறைக்குள் இருப்பவரையும் கொன்றுவிடும், அதனால் ஆட்கள் நடமாடும் அறைக்கு அது விடையாகாது.

உயிருக்கு அடுத்தது சட்டமும் நெறிமுறையும். ஐஎஸ்சி2-வின் நெறிமுறையில் நான்கு கட்டளைகள் உண்டு. முதலாவது சமூகத்தையும் பொதுநலனையும் காப்பது, இரண்டாவது நேர்மையாகவும் சட்டப்படியும் நடப்பது, மூன்றாவது வேலை கொடுத்தவருக்குத் திறமையாக உழைப்பது, நான்காவது தொழிலின் பெயரைக் காப்பது. ஒன்றோடொன்று மோதினால் முன்னால் இருப்பதுதான் வெல்லும். நிறுவனத்தின் நலன் மூன்றாம் இடத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பொதுமக்களைப் பாதிக்கும் ஒரு ஓட்டையை மறைத்துவைக்கச் சொல்லி மேலதிகாரி கேட்கிறார் என்று கேள்வி வந்தால், "வணிக நோக்கம்தான் முக்கியம் என்று படித்தோமே" என்று அவருக்குத் தலையாட்டும் விடையைத் தொட்டால் போச்சு. வரிசையை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள், யோசிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: ஒரே கேள்வியை நான்கு விதமாகப் பார்ப்போம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக இருக்கலாம், ஏனென்றால் மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. நானே எழுதிய ஒரு கேள்வி:

ஒரு நிறுவனத்தில் நீங்கள் தகவல் பாதுகாப்பு மேலாளர். சம்பளக் கணக்கு ஓடும் சர்வரில் மிகக் கடுமையான ஓட்டை இருப்பது உறுதியாகியிருக்கிறது. தயாரிப்பாளர் பேட்ச் வெளியிட்டுவிட்டார். மாதச் சம்பளக் கணக்கு முடிய 3 நாள் இருக்கிறது, அதுவரை சர்வரை நிறுத்த முடியாது என்கிறது சம்பளப் பிரிவு. நீங்கள் FIRST செய்யவேண்டியது எது?

அ) இன்றிரவே பேட்ச் போட ஏற்பாடு செய்வது
ஆ) சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது
இ) பாதிப்பை மதிப்பிட்டு, இருக்கும் வழிகளைச் சம்பள அமைப்பின் உரிமையாளரிடம் கொண்டுபோவது
ஈ) தலைமை நிர்வாகியிடம் தெரிவிப்பது

கை துறுதுறுப்பது அ-வுக்குத்தான். பேட்ச் போட்டால் ஓட்டை அடைபடும், வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் சோதிக்காத பேட்ச், சம்பளக் கணக்கு நடுவில் இருக்கும்போது, நிறுத்த முடியாது என்று சம்பளப் பிரிவு சொன்ன பிறகு. பேட்ச் போட்டதில் கணக்கு நின்றுபோனால், இன்னும் நடக்காத ஒரு தாக்குதலைத் தடுப்பதற்காக நடந்தே தீரும் ஒரு சேதத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். ஆ அதைவிட மோசம், தாக்குதலே இல்லாமல் நாமே சேவையை முடக்குகிறோம். ஈ சிலருக்குக் கவர்ச்சியாக இருக்கும், மேலாளர் மாதிரி யோசிக்கச் சொன்னார்களே என்று. ஆனால் உரிமையாளரிடம் பாதிப்பு என்ன, வழி என்ன என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் அவரைத் தாண்டிப் போவது புகார்தானே தவிர ஆலோசனை ஆகாது. தலைமை நிர்வாகி கேட்கப்போகும் முதல் கேள்வியே "இதனால் என்ன ஆகும்" என்பதுதான், அதற்குப் பதில் இன்னும் உங்களிடம் இல்லை.

ஆகவே இ. இந்த சர்வர் இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கிறதா, ஓட்டையைப் பயன்படுத்தும் தாக்குதல் வெளியே ஏற்கெனவே நடக்கிறதா, 3 நாளுக்கு இடைக்கால ஏற்பாடாக அணுகலைக் குறுக்கி லாக்கைக் கூடுதலாகக் கண்காணிக்கலாமா, இவற்றோடு உரிமையாளரிடம் போகிறோம். கேள்வியில் நான் "உறுதியாகியிருக்கிறது" என்று போட்டதையும் கவனியுங்கள். "ஸ்கேன் காட்டுகிறது" என்று மட்டும் இருந்து, விடைகளில் "கண்டுபிடிப்பைச் சரிபார்ப்பது" என்று ஒன்றும் இருந்தால் FIRST அதுதான், ஏனென்றால் ஸ்கேனர் பொய்யாக அலறுவது சாதாரணம்.

சரி, இப்போது கேள்வியில் ஒரு வரியை மட்டும் மாற்றுவோம். அந்த சர்வரிலிருந்து தெரியாத முகவரிக்கு ஊழியர் தரவு போய்க்கொண்டிருப்பதைக் கண்காணிப்புக் குழு உறுதிசெய்துவிட்டது. விடைகள் அதே நான்கு. இப்போது ஆ. ரிஸ்க் என்று இருந்தது சம்பவம் என்று ஆகிவிட்டது, தரவு ஒவ்வொரு நிமிடமும் வெளியேறுகிறது, இந்த நேரத்தில் மதிப்பீட்டு அறிக்கை எழுத உட்காருவது ஆலோசகர் வேலை இல்லை. சம்பவம் நடந்தால் கட்டுப்படுத்தும் அதிகாரம் சம்பவத் திட்டத்தில் முன்பே ஒப்புதலாகிக் கொடுக்கப்பட்டிருக்கும், ஆகவே உரிமையாளரை மீறியதாகவும் ஆகாது. கண்டறிதல், பதிலளிப்பு, பரவாமல் தடுத்தல், தெரிவித்தல், மீட்டல், மூல காரணத்தைச் சரிசெய்தல், பாடம் கற்றல் என்ற வரிசையில் தடுத்தல் தெரிவித்தலுக்கு முன்னால் இருக்கிறது. நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பதும் மின்சாரத்தை அணைப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும், அதனால் இரண்டும் விடைகளாக வந்தால் பெரும்பாலும் பிரிப்பதுதான் விடை.

மூன்றாவது மாற்றம். பழைய கதைக்கே வருவோம், தாக்குதல் ஏதுமில்லை, ஆனால் உரிமையாளர் விவரம் கேட்டதும் "இன்றிரவே போடுங்கள்" என்கிறார். இப்போது FIRST என்ன? பேட்ச் போடுவது இப்போதும் இல்லை. மாற்றக் கோரிக்கை போட்டு, சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்து, தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியைத் தயாராக வைத்து, அப்புறம் போடுவது. அவசர மாற்றத்துக்குச் சுருக்கமான நடைமுறை உண்டே தவிர நடைமுறையே கிடையாது என்று இல்லை.

நான்காவது, உரிமையாளர் எல்லாம் கேட்டுவிட்டு "3 நாள் பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறார். புதிதாகப் படிப்பவர்களுக்கு இங்கேதான் ரத்தம் கொதிக்கும், பாதுகாப்பு தோற்றுவிட்டதாக நினைப்பார்கள். ஒன்றும் தோற்கவில்லை. ரிஸ்க்கை ஏற்பது முறையான நான்கு வழிகளில் ஒன்று, மற்றவை குறைப்பது, பிறருக்கு மாற்றுவது, அந்த வேலையையே தவிர்த்துவிடுவது. உங்கள் வேலை, ஏற்றுக்கொண்டவர் பெயரோடும் தேதியோடும் அதைப் பதிவாக்குவது, இடைக்காலக் கட்டுப்பாடுகளைப் போடுவது, எந்த நாளில் மறுபடி பார்ப்பது என்று குறிப்பது. அந்த ரிஸ்க் அவர் அதிகாரத்தை மீறியதாக இருந்தால், நிறுவனம் வகுத்த பொறுக்கும் எல்லையைத் தாண்டினால், அப்போதுதான் மேலே கொண்டுபோவது விடையாகும். முதல் கேள்வியில் தப்பாக இருந்த ஈ இங்கே உயிர்பெறுகிறது.

நான்கு விடையும் ஏறக்குறைய மாறவே இல்லை, நிலைமை மாறியது, விடை மாறியது. அதனால்தான் மாதிரிக் கேள்விகளின் விடையை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை என்கிறேன்.

ஐந்தாம் படி: பணக் கணக்கு வந்தால் வாங்குபவராகப் பாருங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
SLE = AV × EF
ALE = SLE × ARO
```

AV என்கிற சொத்தின் மதிப்பு 10 லட்சம், ஒருமுறை அடிபட்டால் EF என்கிற சேதம் 40 சதவீதம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கலாம், அதாவது வருடத்துக்கு எத்தனை முறை என்கிற ARO 0.5 என்று வையுங்கள். ஒருமுறைக்கான நஷ்டம் SLE 4 லட்சம், வருடத்துக்குச் சராசரி நஷ்டம் ALE 2 லட்சம். ஒரு கட்டுப்பாடு வருடத்துக்கு 1.2 லட்சம் செலவில் இதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று குறைக்கிறது, அப்போது வருட நஷ்டம் 40,000. இன்னொன்று 1.9 லட்சம் செலவில் முழுக்கவே ஒழித்துவிடுகிறது. எந்தப் பொறியாளரும் இரண்டாவதைத்தான் விரும்புவார், ஓட்டையே இல்லாமல் போகிறதே. ஆனால் முதலாவதில் 1.6 லட்சம் மிச்சம் பிடித்து 1.2 லட்சம் செலவழிக்கிறோம், நிகரமாக 40,000 லாபம். இரண்டாவதில் 2 லட்சம் மிச்சம், 1.9 லட்சம் செலவு, நிகரம் 10,000 மட்டும். ஆலோசகர் முதலாவதைத்தான் சொல்வார், மீதியிருக்கும் 40,000-ஐ ஏற்றுக்கொள்ளலாமா என்று உரிமையாளரைக் கேட்பார். கேள்வியில் சட்டம் முழுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது என்று ஒரு வரி இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

இந்த முறை எங்கே காலை வாரும்

எல்லாக் கேள்வியும் ஆலோசகருக்கான கேள்வி இல்லை. ஒரு குறியாக்க முறைக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம், எந்த நெட்வொர்க் நெறிமுறை எந்த அடுக்கில் வேலை செய்கிறது, அணுகல் மாதிரிகளில் எது இரகசியத்தன்மையைக் காக்கிறது என்று நேராகவே கேட்பார்கள். அங்கே "வணிக நோக்கம்" என்று தேடிக்கொண்டிருந்தால் கிடைக்கவேண்டிய மதிப்பெண்ணும் போய்விடும். நான்கு விடையும் தொழில்நுட்ப விடைகளாகவே இருந்தால் தொழில்நுட்ப விடையைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். மேலாண்மைப் பார்வை பாடம் படிப்பதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

"மேலிடத்துக்குத் தெரிவி", "கொள்கையை உருவாக்கு", "ரிஸ்க் மதிப்பீடு செய்" ஆகிய மூன்றும் பார்த்ததும் தொட்டுவிடத் தூண்டும் விடைகள், தேர்வு எழுதுபவர்களுக்கு இது தெரியும் என்பது கேள்வி எழுதுபவர்களுக்கும் தெரியும். கேள்வியிலேயே மதிப்பீடு முடிந்துவிட்டது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், நீங்கள் மறுபடி மதிப்பீட்டைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஆகவே ஒரு விடையைத் தொடுமுன் "இது ஏற்கெனவே நடந்துவிட்டதா" என்று கேள்வியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இன்னொரு பழக்கம், கேள்வியில் இல்லாததைச் சேர்த்துக்கொள்வது. "எங்கள் இடத்தில் அந்தப் பிரிவுத் தலைவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று உங்கள் மனது சொன்னால், அந்தப் பிரிவுத் தலைவர் கேள்வியில் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

எப்படிப் பழகுவது

ஒரு நாளைக்கு நூறு கேள்வி என்று ஓட்டுவதைவிடப் பத்து கேள்வியைப் பிரித்துப் போடுவது பயன் தரும். சரியான விடைக்கான காரணத்தைப் படித்தால் மட்டும் போதாது, தப்பான மூன்றும் எந்த நிலைமையில் சரியாகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள், மேலே சம்பள சர்வரை வைத்துச் செய்த மாதிரி. எழுத வரவில்லை என்றால் அந்தப் பகுதியில் பாடமே சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம், அங்கே போய்ப் படியுங்கள்.

தப்பாகப் போட்ட ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீங்கள் எந்த வேஷத்தில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். உடனே கைவைத்துச் சரிசெய்யப் போயிருந்தால் "மெக்கானிக்", ஆளைப் பிடிக்கவும் தண்டிக்கவும் போயிருந்தால் "போலீஸ்", உரிமையாளர் முடிவை நீங்களே எடுத்திருந்தால் "முதலாளி", எதையும் செய்யாமல் மேலே தள்ளியிருந்தால் "தபால்காரர்". இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு வேஷம் மற்றவற்றைவிட அதிகம் வந்திருப்பது கண்ணில் படும். நெட்வொர்க், சர்வர் பின்னணி உள்ளவர்களுக்கு மெக்கானிக்தான் பெரும்பாலும் வரும். தணிக்கைப் பக்கமிருந்து வருபவர்களுக்குத் தபால்காரர். எந்த வேஷம் உங்களுடையது என்று தெரிந்தபின், இரண்டு விடைக்கு நடுவில் நிற்கும்போது அந்த வேஷம் விரும்பும் விடையைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

நேரத்தையும் அதோடு பழகுங்கள். 150 கேள்வி வரை போனால் ஒன்றுக்குச் சராசரியாக 72 நொடிதான் கிடைக்கும். கடைசி வரியை முதலில் படிப்பது, பெரிய எழுத்துச் சொல்லைப் பிடிப்பது, அப்புறம் கதையைப் படிப்பது, உயிரா சட்டமா என்று பார்ப்பது, இரண்டு விடையைத் தூக்கி எறிவது, மீதி இரண்டில் எது நடந்தால்தான் மற்றது நடக்கும் என்று கேட்பது. இவ்வளவையும் அந்த நேரத்துக்குள் முடிக்கக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழகினால்தான் வரும். இரண்டு நிமிடமாகியும் இரண்டு விடைக்கு நடுவில் ஊசலாடினால் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளும் நடுநடுவே கலந்திருக்கும், நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்பது அதில் ஒன்றாகவே இருக்கலாம்.